கேள்விக்குறியை அழித்துவிட்டு வாசித்த நாடகம்

பள்ளி நாடக மன்றத்துக்காக இந்த முறை நானே ஒரு குறுநாடகம் எழுதிக் கொடுத்தேன். பாட்டியின் மூக்குக் கண்ணாடி காணாமல் போகிறது. பேரன் முருகன் மேல் சந்தேகம். அக்கா செல்விக்கு உண்மை தெரியும், ஆனால் வாய் திறக்கமாட்டாள். இவ்வளவுதான் கதை. நடிப்பவர்கள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். வசனத்தில் பாதிக்கு மேல் கேள்விகள். வாசிப்பு ஒத்திகையில் சிக்கல் வந்ததும் அந்தக் கேள்விகளில்தான். அதைச் சரிசெய்த விதத்தைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

சிக்கல் வந்த பகுதி இது:

பாட்டி: என் கண்ணாடியப் பாத்தியாடா?
முருகன்: எந்தக் கண்ணாடி?
பாட்டி: எனக்கு எத்தனை கண்ணாடி இருக்கு?
முருகன்: பெட்டியிலா வெச்சீங்க?
செல்வி: நீதானே காலையில போட்டுக்கிட்டு ஆடின?
முருகன்: நானா?
செல்வி: பின்னே, நானா?
முருகன்: ஏன் அக்கா சொல்லலை?

பிள்ளைகள் வாசித்ததைக் கைப்பேசியில் பதிவுசெய்து எல்லோருமாகக் கேட்டோம். எட்டு வரியும் ஒரே ராகம். வரி சமமாகப் போய், கடைசி அசையில் மட்டும் குரல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. "எனக்கு எத்தனை கண்ணாடி இருக்கூ?" என்று பாட்டி கேட்பது, தன்னிடம் எத்தனை கண்ணாடி இருக்கிறது என்று அவருக்கே தெரியாதது போல் ஒலித்தது. இதே பிள்ளைகள் மைதானத்தில் "டேய், என் பேனாவ யாருடா எடுத்தா?" என்று கத்தும்போது கடைசியில் தூக்குவதே இல்லை. தாள் கைக்கு வந்ததும் இந்த ராகம் தானாக வந்துவிடுகிறது.

காரணம் கேள்விக்குறிதான். அது வரியின் கடைசியில் நிற்கிறது. கண் அதைப் பார்க்கிறது, குரல் அங்கே ஏறுகிறது. தமிழிலோ கேள்வி பெரும்பாலும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆறாம் வகுப்பில் படித்த வினா எழுத்துகளை நினைத்துப் பாருங்கள்: எ, யா என்பவை சொல்லின் முதலில் வரும், ஆ, ஓ கடைசியில் வரும், ஏ இரண்டு இடத்திலும் வரும். எந்த, எத்தனை, யார், பாத்தியா, நானா என்று சொன்ன மாத்திரத்தில் அது கேள்வி என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. குரலைத் தூக்கித்தான் அதை அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆகவே குரலுக்கு வேறு வேலை மிச்சமிருக்கிறது: எந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கிறார், எந்த மனநிலையில் கேட்கிறார் என்று காட்டுவது.

அதனால் முதல் வேலையாக, கேள்விக்குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு வசனத்தைப் புதிதாக அச்செடுத்தேன். கேள்வி எந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிடச் சொன்னேன். "எந்தக்" வட்டத்துக்குள் வந்தது. "எத்தனை" வந்தது. "பெட்டியிலா" வந்தது. வட்டமிட்ட சொல்லில் குரல் உச்சம் தொடவேண்டும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் இறங்கவேண்டும். முதல் திருத்தத்துக்கு இந்த ஒரே விதிதான்.

எ-வில் தொடங்கும் கேள்விச் சொற்களில் இது உடனே வேலைசெய்தது. "எந்தக் கண்ணாடி", "எத்தனை கண்ணாடி இருக்கு" இரண்டும் உச்சத்தில் தொடங்கிச் சரிந்து முடிந்தன, பேச்சில் வருவது போலவே. இந்த வகைக் கேள்வியின் கடைசியில் குரலைத் தூக்கவே கூடாது என்பதில்லை. "எங்கே வெச்ச?" என்று தூக்கி முடித்தால் கொஞ்சிக் கேட்பது போல இருக்கும், அல்லது காதில் விழாமல் திரும்பக் கேட்பது போல இருக்கும். இந்த நாடகத்தில் முருகனின் "எந்தக் கண்ணாடி" அப்படிப்பட்ட இடம். அவன் நேரம் கடத்துகிறான். அந்த வரிக்கு மட்டும் கடைசியில் தூக்கலாம் என்று விட்டுவிட்டோம். பாட்டியின் பதில் வரி இறங்கித்தான் ஆகவேண்டும். அவர் எண்ணிக்கை கேட்கவில்லை, அதட்டுகிறார்.

ஆ ஒட்டிய சொற்களுக்குத்தான் அதிக நேரம் ஆனது. அந்த ஆ வாக்கியத்துக்குள் நகரக்கூடியது. எந்தச் சொல்லில் போய் ஒட்டுகிறதோ அந்தச் சொல்லைப் பற்றிய சந்தேகம்தான் கேள்வி. இதைப் பழக, நாடகத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதினேன்: "நீ நேத்து மாடிக்குப் போனியா". பிறகு ஆ-வை நகர்த்தினோம். "நீயா நேத்து மாடிக்குப் போன", "நீ நேத்தா மாடிக்குப் போன", "நீ நேத்து மாடிக்கா போன". கேள்வியை வாசிப்பதற்கு முன்னால் அதற்கு வரக்கூடிய மறுப்பைச் சொல்லவேண்டும் என்பது விளையாட்டு. "நீயா" என்றால் "இல்ல, தம்பி". "நேத்தா" என்றால் "இல்ல, முந்தாநாள்". "மாடிக்கா" என்றால் "இல்ல, கொல்லைக்கு". மறுப்பு வாயில் வந்துவிட்டால் கேள்வியின் உச்சம் சரியான இடத்தில் தானாக விழுகிறது. ஏற்றம், இறக்கம் என்று நான் விளக்கியதைவிட இதற்குப் பலன் அதிகம்.

ஆ பெயர்ச்சொல்லில் ஒட்டும்போது, பின்னால் வரும் வினையைத் தாழ்த்தி விரைவாகச் சொல்லிவிட வேண்டும். "பெட்டியிலா வெச்சீங்க" என்பதில் "லா" உச்சம்; "வெச்சீங்க" தரையில் ஓடவேண்டும். முருகனாக நடித்தவன் "லா"-விலும் ஏறினான், "வெச்சீங்க"-விலும் ஏறினான். கேட்பதற்கு இரண்டு கேள்விகளை ஒட்டிவைத்தது போல இருந்தது: பெட்டியிலா? வெச்சீங்களா? ஒரே வரியில் இரண்டு உச்சம் கேட்டால் இந்தக் கோளாறுதான் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். ஆ வினையிலேயே இருந்தால், "பாத்தியா" போல, குரல் அந்த ஆ-வில் ஏறி, முடியும்போது சற்றே வளைந்து இறங்கும். இறங்காமல் மேலேயே நின்றால் வியப்பு, அல்லது நம்ப முடியாமை. பாட்டியின் முதல் வரியில் ஆ-வுக்குப் பின் "டா" இருக்கிறது. அது வால். அதை உயர்த்தினால் பாசம் போய் அதிகாரம் வந்துவிடும், தாழ்த்தினால் வீட்டுப் பேச்சாக இருக்கும்.

இதெல்லாம் எங்கள் பக்கத்துப் பேச்சை வைத்துச் சொல்வது. நெல்லைப் பேச்சின் இழுவை வேறு, கொங்குப் பேச்சின் இழுவை வேறு. யாழ்ப்பாணத் தமிழில் எழுதிய நாடகமாக இருந்தால் ஆ-வின் இடத்தில் ஓ நிற்கும். அங்கே வட்டமிட வேண்டியது அந்த ஓ-வை.

அழுத்தம் கொடுப்பதிலும் ஒரு சிக்கல். "வட்டத்துக்குள் இருக்கும் சொல்லை அழுத்திச் சொல்" என்றதும் முருகன் முதல் அசையைப் பிடித்து இழுத்தான். "பேட்டியிலா வெச்சீங்க" என்று வந்தது. மொத்த அறையும் சிரித்தது, பாட்டி பேட்டி கொடுத்துவிட்டு வந்த மாதிரி. தமிழில் குறிலை நீட்டினால் வேறு சொல்லாகிவிடும். பெட்டி பேட்டியாகும், படம் பாடமாகும், பல் பாலாகும். முதல் அசை குறிலாக இருக்கும் சொல்லில் அழுத்தத்தை நீட்டிக் காட்ட முடியாது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஏற்கெனவே நெடிலாக இருக்கும் அசையை இன்னும் நீட்டலாம்: "பெட்டியிலாஆ". வினா ஆ எப்போதும் நெடில் என்பதால் அது எத்தனை இழுத்தாலும் தாங்கும். இன்னொன்று, இரட்டித்த மெய்யில் ஒரு கணம் நின்று விடலாம்: "பெட்...டியிலா". "ட்ட" தேக்கிவைத்து விடும்போது சொல்லுக்கு எடை வருகிறது, பொருளும் மாறுவதில்லை. பல்லைக் கடித்து சத்தமாகச் சொல்வது அழுத்தம் ஆகாது. அப்படிச் சொன்னால் கோபமாக மட்டும்தான் கேட்கிறது.

அடுத்து "நானா? பின்னே, நானா?" இந்த இரண்டு வரிக்காகத்தான் நான் நாடகத்தையே எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். எழுத்தில் இரண்டும் ஒன்றே. முருகனின் "நானா" அடிக்குரலில் தொடங்கி ஆ-வில் ஏறி அங்கேயே நிற்கவேண்டும்; மாட்டிக்கொண்டவன் அப்பாவி வேடம் போடுகிறான். செல்வியின் "நானா" மேலே தொடங்கி ஆ-வில் விழவேண்டும். அவள் பதிலை எதிர்பார்க்கவே இல்லை. பத்தாம் வகுப்பில் வரும் அறிவினா, அறியாவினா என்ற பிரிவை இங்கே இழுத்துக்கொண்டேன். பதில் தெரியாமல் கேட்டால் அறியாவினா, தெரிந்துகொண்டே கேட்டால் அறிவினா. கேட்கிறவருக்குப் பதில் தெரியும் என்றால் குரல் பெரும்பாலும் விழுந்து முடியும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். செல்வியின் "நீதானே காலையில போட்டுக்கிட்டு ஆடின" என்பதும் அந்த வகைதான். உச்சம் "நீதானே"-வில், மீதி முழுவதும் சரிவு. இந்த வரியைத் தூக்கி முடித்தால், அவளுக்கே உறுதியில்லை என்று பார்ப்பவர்கள் நினைத்துவிடுவார்கள், கதை கெட்டுப்போகும்.

இரண்டு "நானா"-வும் சரியாகப் பிரிகிறதா என்று பார்க்க, சொல்லை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு "ம்ம்" என்று ராகத்தை மட்டும் போடச் சொன்னேன். எதிரில் இருப்பவர் அது யாருடைய "நானா" என்று சொல்லவேண்டும். முதலில் யாராலும் சொல்ல முடியவில்லை. நடித்தவர்கள் இருவரும் ஒரே ராகத்தைத்தான் போட்டிருந்தார்கள். சொல்லோடு கேட்கும்போது, கதை தெரிந்த காது வித்தியாசத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. அதனால் இந்தச் சோதனையைக் கதை தெரியாத ஒருவரிடம் செய்வது நல்லது. நாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டோம்.

கணினி இருந்தால் கண்ணாலும் பார்க்கலாம். Praat என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து View & Edit போட்டால் குரலின் ஏற்ற இறக்கம் ஒரு கோடாகத் தெரியும். கோடு தெரியவில்லை என்றால் Show pitch என்பதை இயக்கவேண்டும். பிள்ளைகளின் குரல் உயரமானது, 200 முதல் 300 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், கத்தினால் அதற்கும் மேல் போகும். அமைப்பில் மேல் எல்லை 500-க்குக் குறைவாக இருந்தால் உச்சங்கள் வெட்டுப்பட்டுவிடும். கோடு நடுநடுவே அறுந்திருந்தால் பயப்படத் தேவையில்லை. த்த, ட்ட, க்க போன்ற இடங்களில் குரல்நாண் அதிர்வதில்லை, அங்கே கோடு வராது. திடீரென்று பாதி உயரத்துக்குக் குதித்து மறுபடி மேலே வந்தால் அது மென்பொருளின் தப்புக் கணக்கு. காதில் கேட்காத பள்ளத்தை நம்பவேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவுசெய்தால் இந்தத் தொல்லை குறையும். செல்வியின் "நானா" கோடு மலைச்சரிவாக விழுவதையும் முருகனுடையது ஏறுவதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் இது சரிபார்க்க மட்டும்தான். கோட்டைப் பார்த்துப் பயிற்சி செய்யவிட்டால் ராகம் வரும், நடிப்பு வராது.

கடைசி வரிதான் எல்லாவற்றிலும் கடினம்: "ஏன் அக்கா சொல்லலை". இதற்கு இரண்டு பொருள். முருகன் பாட்டியைப் பார்த்து, அக்கா ஏன் இதைச் சொல்லாமல் இருந்தாள் என்று கேட்கலாம். அல்லது அக்காவையே பார்த்து, நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். "சொன்னா" என்றோ "சொன்ன" என்றோ இருந்தால் வினையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். "சொல்லலை" என்பது நான், நீ, அவள் எல்லோருக்கும் ஒரே வடிவம். எழுத்துத் தமிழின் "சொல்லவில்லை"-யும் அப்படித்தான். ஆகவே குரல் மட்டுமே வேறுபடுத்த முடியும்.

அக்காவைப் பற்றிப் பேசுவதென்றால் "ஏன்" உச்சம், சின்ன இடைவெளி, பிறகு "அக்கா சொல்லலை" ஒரே மூச்சில், "அக்கா"-வில் மறுபடி ஒரு சிறு ஏற்றத்துடன். அக்காவை அழைப்பதென்றால் "ஏன் அக்கா" சேர்ந்து ஒன்றாக வரவேண்டும். "ஏன்" உச்சம், "அக்கா" அதன் நிழலில் தாழ்ந்து போகும், அதற்குப் பிறகுதான் இடைவெளி, பிறகு "சொல்லலை". அழைக்கும் பெயர் தாழ்ந்து வருவதுதான் அடையாளம். வீட்டில் "ஏங்க்கா" என்று ஒட்டிப் பேசுகிறோமே, அந்த ஒட்டல்தான் இது. தாளில் இப்படிக் குறித்தோம்:

அக்காவைப் பற்றி: ஏன் / அக்கா சொல்லலை ↘
அக்காவிடம்: ஏன் அக்கா / சொல்லலை ↘

நாடகத்துக்கு நான் எடுத்துக்கொண்டது இரண்டாவது. பாட்டியிடம் கோள்சொல்லும் முருகனைவிட, அக்காவிடம் தோற்றுப்போய்க் கேட்கும் முருகன்தான் எனக்குப் பிடித்திருந்தது. நடித்தவன் இடைவெளியைச் சரியாக விட்டான், ஆனால் "அக்கா"-வை உயர்த்தியே சொன்னான், அதனால் பாட்டியாக நடித்தவள் பதில் சொல்லத் தயாராகிவிட்டாள். கூட நடிப்பவர் யார் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்தாலே வரி எந்தப் பொருளில் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

ஆ இருந்தும் கேள்வியே இல்லாத ஓர் இடமும் இருந்தது. முருகன் உண்மையை ஒத்துக்கொள்ளும் வசனம்: "நான் மாட்டிக்கிட்டேனா, கண்ணாடி முன்னாடி போய் நின்னேனா, பின்னாடியிருந்து பந்து வந்துச்சா, அவ்வளவுதான்!" கதை சொல்லும்போது வரும் ஆ இது. பதில் கேட்பதில்லை, கேட்பவரைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. வட்டமிடும் விதியை இங்கேயும் போட்டபோது மூன்று கேள்வி கேட்டது போல ஆனது. இந்த ஆ ஏறி, சமமாக நின்று, விழாமலேயே அடுத்த சொல்லுக்குத் தாவவேண்டும். ஏறுவதைவிட நீளம்தான் முக்கியம். பழக்கத்துக்காகப் பாட்டியை ஒவ்வொரு ஆ-வுக்கும் "ம்" என்று உம் கொட்டச் சொன்னேன். அது அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் நாடகத்திலும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

முருகனாக நடித்தவனுக்குக் குரல் உடைகிற வயது. உச்சத்துக்குப் போனால் கீச்சென்று பிசிறடிக்கும், அதனால் தயங்குவான். அவனுக்கு மட்டும் ஏற்றத்தைக் குறைத்து, ஆ-வின் நீளத்தைக் கூட்டினேன். அவனுடைய "நானா" இப்போது அதிகம் ஏறுவதில்லை. முந்தைய வரி முடிந்ததும் ஒரு கணம் தாமதித்து, "நா"-வைச் சுருக்கி, "னாஆ"-வை இழுக்கிறான். வியப்பு அதிலேயே வந்துவிடுகிறது. குரல் உடையும் பையன்களுக்கு வசனம் பிரிக்கும்போது ஏறி நிற்கும் கேள்விகளைக் குறைத்தே கொடுப்பது நல்லது.

வகுப்பறையில் இவ்வளவும் சரியான பிறகு, திறந்தவெளி மேடையில் ஒத்திகை பார்த்தோம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, இறங்கி முடியும் கேள்விகளின் கடைசிச் சொல் கேட்கவே இல்லை. "பெட்டியிலா" கேட்டது, "வெச்சீங்க" காற்றோடு போனது. குரல் தாழும்போது பிள்ளைகள் மூச்சையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். தாழவேண்டியது சுருதி மட்டும், சத்தம் குறையக்கூடாது. இதற்கு ஒரே வழிதான் பலித்தது. ஒவ்வொரு நீளமான கேள்விக்கும் முன்னால் மூச்சு எடுக்கும் இடத்தைத் தாளில் குறித்துவிட்டு, கடைசிச் சொல்லைப் பின்வரிசைக்குச் சொல்லச் சொன்னேன். முதலில் எல்லோரும் பழையபடி கடைசியில் தூக்க ஆரம்பித்தார்கள். சத்தமும் உயரமும் பிள்ளைகளுக்கு ஒன்றாகவே ஒட்டியிருக்கிறது. "வெச்சீங்க"-வை மட்டும் தனியாக எடுத்து, அடிக்குரலில் தாத்தா பேசுவது போலச் சத்தமாகச் சொல்லவைத்து, பிறகு முழு வரியில் கொண்டுபோய் ஒட்டினோம். செல்வியும் பாட்டியும் பிடித்துக்கொண்டார்கள். முருகனுக்கு மட்டும் அந்த வரியில் மேடையின் முன்விளிம்பு வரை நடந்துவரும்படி இடம் மாற்றிக் கொடுத்தேன்.